காலையில் ஐந்து மாத்திரை

ராத்திரி இரண்டு மணிக்குப் பித்தளை அண்டா உருளும் சத்தம் கேட்டு அத்தை எழுந்து பார்த்தால், மாமா ஸ்டூல் மேல் ஏறி நின்று பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முதல் கீமோ போட்டு மூன்றாம் நாள் அது. கீமோ போட்டால் ஆள் துவண்டு படுத்துவிடுவார் என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்திருந்தோம். விடிந்ததும் காபியில் சர்க்கரை போதவில்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தும் யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். "தம்பி, நோவு மூளைக்கு ஏறிடுச்சோ?" என்று அத்தை எனக்குப் போன் செய்து அழுதார்.

மூளைக்கு ஏறியிருந்தது பிரெட்னிசலோன் என்கிற மாத்திரை.

மாமாவுக்கு வந்தது நிணநீர் சுரப்பிகளில் வரும் லிம்போமா. கழுத்தில் நெறி கட்டியதைப் போலத்தான் ஆரம்பித்தது. அதற்கு 'ஆர்-சாப்' என்ற சிகிச்சை கொடுத்தார்கள். ஐந்து மருந்துகள் சேர்ந்தது அது. முதல் நாள் ஆஸ்பத்திரியில் நான்கு மருந்துகளை டிரிப்ஸில் ஏற்றிவிடுவார்கள். பார்க்கவே பயமுறுத்தும் சிவப்பு மருந்தும் அவற்றில் ஒன்று. ஐந்தாவது மருந்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சின்ன வெள்ளை மாத்திரை. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம், தொடர்ந்து ஐந்து நாள். 20 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தால் தினம் ஐந்து. பிறகு நிறுத்திவிட்டு, 21 நாள் சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மாமாவுக்கு எழுதியிருந்தது ஆறு சுற்று.

இந்த 100 மில்லிகிராம் எவ்வளவு பெரியது என்பது தெரிந்தால்தான் பரண் விவகாரம் புரியும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தினமும் சுரக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம். ஜிம்மில் தசை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு வேறு குடும்பம். அதற்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. பிரெட்னிசலோன் கார்டிசாலைவிட நான்கு மடங்கு வீரியம் உள்ளது. அப்படியானால் மாமா தினம் விழுங்கியது 400 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். உடம்பு தானாகச் சுரப்பதைவிட இருபது மடங்கு, அதற்கும் மேல்.

இத்தனை எதற்கு? லிம்போமா என்பது லிம்போசைட் எனும் வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகுவது. அந்த அணுக்களுக்குள் ஸ்டீராய்டு நுழைந்தால் அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தொடங்கும். அதனால் இந்த நோயில் ஸ்டீராய்டு துணை மருந்தில்லை. புற்றுநோய் மருந்தே அதுதான். ரத்தப் புற்றுநோய் சிலவற்றிலும் மைலோமாவிலும் இதே கதை. இது தெரியாமல், "ஸ்டீராய்டு ஒத்துக்கலை, தூக்கம் வரலை" என்று இரண்டு நாளோடு மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அவர்கள் நிறுத்துவது பக்கவிளைவை மட்டுமல்ல, ஐந்து மருந்துகளில் ஒன்றையும்தான்.

மற்றப் புற்றுநோய்களில் காரணம் வேறு. மூளைக் கட்டியைச் சுற்றி நீர்கோத்து வீங்கினால் டெக்ஸாமெத்தசோன் அதை வற்ற வைக்கும். வாந்தியைத் தடுக்கும். மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் போடும் பாக்லிடாக்செல் என்ற மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்க்கும் திரவம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாராவது. அந்தத் திரவம் சிலருக்கு மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். பழைய முறைப்படி 12 மணி நேரம் முன்பு ஒன்று, 6 மணி நேரம் முன்பு ஒன்று. காலை பத்து மணிக்கு டிரிப்ஸ் என்றால் இரவு பத்துக்கும் விடியற்காலை நான்குக்கும் மாத்திரை. "நாளைக்குக் கீமோன்னு நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது" என்று சொல்லும் பெண்கள் பலருக்கு, பயத்தோடு அந்த இரவு பத்து மணி மாத்திரையும் காரணம். இப்போது பல இடங்களில் டிரிப்ஸுக்கு அரை மணி முன்பு ஊசியாகவே போட்டுவிடுகிறார்கள். மாத்திரை முறையில் ஒரு வேளை தவறிவிட்டால், டிரிப்ஸ் ஆரம்பிக்கும் முன் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை.

மாமா வீட்டுக்குத் திரும்புவோம். முதல் சுற்றில் நடந்த தப்பு அத்தையின் கரிசனத்தால் வந்தது. ஒரே வேளையில் ஐந்து மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்று நினைத்து, காலையில் மூன்று, ராத்திரி இரண்டு என்று பிரித்துக் கொடுத்திருந்தார். நம் உடம்பில் கார்டிசால் ஒரு கடிகாரத்தின்படி ஓடுகிறது. விடியும் வேளையில் உச்சத்துக்கு ஏறி நம்மை எழுப்பிவிடும். நடுராத்திரி வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும். இறங்கினால்தான் நல்ல தூக்கம். மாமாவின் உடம்புக்கோ ராத்திரி ஒன்பது மணிக்கு, "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று எட்டு மடங்கு உரத்த குரலில் கட்டளை போயிருக்கிறது. மனிதர் பரணில் ஏறாமல் என்ன செய்வார்?

இரண்டாம் சுற்றிலிருந்து ஐந்தையும் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்; கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை. தூக்கம் முழுசாக வரவில்லை, ஆனால் நாலைந்து மணி நேரம் படுத்தார். இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதினாலும், இரண்டாவது வேளையை மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். டெக்ஸாமெத்தசோனில் இந்த உபாயம் பாதிதான் பலிக்கும். அது உடம்பில் ஒன்றரை நாளுக்கு மேல் வேலை செய்வது. காலையில் விழுங்கினாலும் அன்றிரவு எட்டிப் பார்க்கும்.

கோபம்? அது எளிதில் போகவில்லை. 1972-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிரெட்னிசோன் தினம் 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் மனநிலைக் கோளாறு கண்டது 1.3 சதவீதம் பேருக்கு. 80-க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம். அளவு ஏற ஏறத் தொல்லையும் ஏறுகிறது. இவை மருத்துவர்கள் குறித்துவைத்த அளவுக்குப் பெரிய கோளாறுகள். சிடுசிடுப்பு, ஓயாத பேச்சு, காரணமில்லாத உற்சாகம், டம்ளரைத் தள்ளுவது போன்றவை எந்தக் கணக்கிலும் வராமல் வீட்டோடு போய்விடுகின்றன.

ஆறாம் நாள் மாத்திரை நின்றதும் படம் தலைகீழ். மாமா கட்டிலைவிட்டு எழவில்லை. கால் வலி, சாப்பாட்டில் வெறுப்பு, டிவியில் ஏதோ பழைய படம் பார்த்து அழுகை. "எனக்கு முடிஞ்சு போச்சுடா" என்றார் என்னிடம். கீமோவின் அசதியோடு ஸ்டீராய்டு இறங்குகிற சரிவும் சேர்ந்துகொள்ளும் நாட்கள் அவை. எட்டாம் நாள் வாக்கில் பழைய மாமா திரும்பி வந்தார். மூன்றாம் சுற்றில் அத்தை காலண்டரிலேயே வட்டம் போட்டுவிட்டார்: இந்த ஐந்து நாள் கோபம், அடுத்த இரண்டு நாள் அழுகை. தேதி தெரிந்துவிட்டதில் பாதி பயம் போய்விட்டது. ஆனால் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் கண் மூடவே இல்லை, இல்லாத குரல் கேட்கிறது, சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம், செத்துப்போகலாம் என்ற பேச்சு — இவற்றில் ஒன்று வந்தாலும் காலண்டரைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தோ வேறு மருந்து சேர்த்தோ சரிசெய்ய முடியும்.

இனி சர்க்கரை. இதில்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

சிகிச்சைக்கு முன் மாமாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. மூன்று மாதச் சராசரி 6.1, அதாவது எல்லைக்கோட்டில் நின்றிருந்தார். இரண்டாம் சுற்றின் மூன்றாம் நாள் காலை, வெறும் வயிற்றில் லேபில் பார்த்தது 104. "பாரு, ஒண்ணுமில்ல" என்று சந்தோஷப்பட்டோம். அன்று சாயங்காலம் மாமாவுக்குத் தாகம் தாங்கவில்லை. உடம்பு சூடு என்று அத்தை சாத்துக்குடி ஜூஸ் கொடுத்தார், பிறகு இளநீர், தெம்புக்கு ஹார்லிக்ஸ். கால் மணிக்கு ஒரு தரம் பாத்ரூம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பக்கத்து வீட்டு குளுக்கோமீட்டரில் பார்த்தால் 322.

லேபும் பொய் சொல்லவில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. ஸ்டீராய்டு கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது. தசைகளோ இன்சுலின் பேச்சைக் கேட்காமல் அந்தச் சர்க்கரையை வாங்க மறுக்கின்றன. காலையில் விழுங்கிய பிரெட்னிசலோனுக்கு இந்த வேகம் நாலு மணி நேரத்தில் தொடங்கி எட்டு மணி நேரம் வரை உச்சத்தில் நிற்கும். மதியச் சாப்பாடு அதன்மேல் போய் விழும். ராத்திரி மருந்தின் பிடி தளர, சர்க்கரையும் இறங்கி, விடியும்போது ஒன்றுமறியாததுபோல் 104-ல் நிற்கும். சாதாரணச் சர்க்கரை நோயாளிக்குப் பழகிப்போன வெறும் வயிற்றுப் பரிசோதனை இங்கே தவறான வேளையில் எட்டிப் பார்க்கிறது. பார்க்க வேண்டியது மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன். நாள் முழுவதும் நிற்கும் டெக்ஸாமெத்தசோன் என்றால் காலையிலும் ஏறியிருக்கலாம்.

அன்றிரவே டாக்டருக்குப் போன் செய்தோம். வெறும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, ஜூஸையெல்லாம் நிறுத்தி, மறுநாள் வரச் சொன்னார். வாந்தியோ, மயக்கமோ, பேச்சுக் குழறலோ இருந்தால் விடியும்வரை பார்க்காமல் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். மூன்றாம் சுற்றில் காலை மாத்திரையோடு ஓர் இன்சுலின் ஊசியும் சேர்ந்தது. பால்போல் கலங்கலாக இருக்கும் பழைய வகை இன்சுலின். மதியம் உச்சத்துக்கு வந்து ராத்திரி அடங்கும். விலை உயர்ந்த புது இன்சுலின்கள் இருக்க இதை ஏன் எடுத்தார் என்று யோசித்தேன். பிரெட்னிசலோனின் மேடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறதோ, அதே இடத்தில் ஏறி இறங்குவதால்தான். அந்தச் சுற்றில் மாலைச் சர்க்கரை 190-ஐத் தாண்டவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஐந்தாம் நாளோடு மாத்திரை நின்றால் சர்க்கரையும் தானாக இறங்கிவிடும். ஊசியை அதே அளவில் தொடர்ந்தால் ஆறாம் நாளோ ஏழாம் நாளோ தாழ் சர்க்கரை வந்து வியர்த்துக் கொட்டி மயங்கி விழ நேரும். அதுவும் சாப்பாடு இறங்காத நாட்களில். ஏற்கெனவே சர்க்கரை மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு தொடங்கும்போது மருந்தை எவ்வளவு ஏற்றுவது என்று கேட்பதோடு, எந்தத் தேதியில் எவ்வளவு இறக்குவது என்பதையும் அப்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாமாவைப் போல ஐந்து நாள் எடுப்பவர்கள் அப்படியே நிறுத்தலாம். மூளைக் கட்டிக்காகவோ வேறு காரணத்துக்காகவோ மூன்று வாரத்துக்கு மேல் தினமும் எடுப்பவர்கள் அப்படி நிறுத்தவே கூடாது. அவர்களுடைய அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும், படிப்படியாகக் குறைத்துத்தான் அதை எழுப்ப வேண்டும்.

மருந்துச் சீட்டில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் என்ற பெயர்களைப் பார்த்தால் ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்பும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் போடுவது, எத்தனை மணிக்குச் சர்க்கரை பார்ப்பது, எந்தத் தேதியில் எப்படி நிறுத்துவது.