நிலக்கடலைக் காய்ச்சலும் நாலு வகைச் செலவும்

'தார்ப்பாய்க்கு வேற காசு கொடுக்கணுமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. 20 மூட்டை கடலை, மூட்டை 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வெறுந்தரையில் இரண்டே நாள் காயப்போட்டுச் சாக்கில் கட்டியாச்சு. உள்ளீரம் போகவில்லை. விற்கும் முன்பே ஒரு மூட்டை பூசணம், அது 2,400. மற்றதைப் பொறுக்கி மறுபடி உலர்த்த ஆள்கூலி 1,600. இந்த 4,000 வீட்டுக்குள்ளேயே வந்த நட்டம். மிச்சம் 19 மூட்டை சந்தைக்குப் போகுது. வியாபாரி நாலு காயை உடைக்கிறார், பச்சைத் தூள் தெரியுது, மூட்டைக்கு 200 குறைக்கிறார். வெளியில் வந்த நட்டம் 3,800. ஆக 7,800.

இப்போ மாற்றிப் பாருங்க. தார்ப்பாய் வாடகையும் கூடுதலாக இரண்டு நாள் காய்ச்சலுக்குக் கூலியும் 2,200. இது தடுப்புச் செலவு. மூட்டை கட்டுமுன் சோதிக்க அரை ஆள் கூலி 200. அப்பவும் கொஞ்சம் சொத்தை வரும், 400 போகட்டும். விலைக் குறைப்பு இல்லை. மொத்தம் 2,800தான்.

சோதனை எப்படி? காயை ஆட்டினால் பருப்பு கலகலக்கணும், தேய்த்தால் தோல் உரியணும். ஈரம் 8 சதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் சோதனையை மட்டும் நம்பாதீங்க. பூசணம் விட்ட அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்புறம் காயவைத்தாலும் போகாது. பூசணக் கடலையை மாட்டுக்கும் போடாதீங்க, நஞ்சு பாலில் இறங்கும்.