மஞ்சள் இலைக்கு யூரியாவா? முதலில் மண்ணைச் சோதியுங்கள்

கேமரன் மலையில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழ் காய்கறி பயிரிடுவோர் பலர். இலை வெளுத்தால் அவர்கள் கை முதலில் யூரியா மூட்டைக்குத்தான் போகிறது. தழைச்சத்து குறைந்தால் இலை மஞ்சளாகும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் உப்பு கூடினாலும் செடி சோர்ந்து வெளுக்கும். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். முதலாவதற்கு உரம் போட வேண்டும், இரண்டாவதற்கு உரத்தை நிறுத்த வேண்டும்.

கண்ணால் ஓரளவு பிரித்தறியலாம். தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுத்து, மேலே போகப் போகப் பச்சை கூடும். உப்பு என்றால் இலை ஓரம் பழுப்பாகக் கருகும். மண் ஈரமாக இருந்தும் உச்சி வெயிலில் செடி வாடும். பாத்தியின் மேல் சில நாளில் வெள்ளைப் பொடி பூக்கும். ஆனால் இரண்டும் கலந்து வந்தால் கண் ஏமாந்துவிடும். அப்போது பிஎச், மின்கடத்துதிறன், செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்து ஆகிய மூன்று சோதனைகள்தான் வழி.

அரை ஏக்கர் குடைமிளகாய்த் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே பிளாஸ்டிக் கூரை, சொட்டுநீர்க் குழாய், ஒவ்வொரு பருவத்துக்கும் கோழி எரு, இடையிடையே உரம். திறந்த வெளியில் மழை உப்பைக் கீழே கழுவிவிடும். கூரைக்குள் மழை இல்லாததால் போட்டதில் செடி எடுத்தது போக மிச்சமெல்லாம் மண்ணிலேயே தங்குகிறது. இந்தத் தோட்டத்தில் இலை வெளுத்திருக்கிறது.

மண் எடுப்பதில்தான் சோதனையின் பாதி அடங்கியிருக்கிறது. ஆய்வுக்கூடம் எடைபோடுவது வெறும் 10 கிராம் மண். அது அரை ஏக்கருக்காகப் பேச வேண்டுமானால் ஓரிடத்தில் அள்ளிய மண் உதவாது. தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 15 முதல் 20 இடங்களில் எடுக்க வேண்டும். எரு கொட்டிவைத்த இடம், நடைபாதை ஓரம், சுண்ணாம்பு மூட்டை கிழிந்த மூலை இவற்றை விட்டுவிடுங்கள். கடைசியாக உரம் போட்டு இரண்டு, மூன்று வாரமாவது கழிந்திருக்க வேண்டும்.

மேலே கிடக்கும் இலை, சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவில் 15 செண்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் ஒரு சீவு சீவி எடுங்கள். மேல் மண் மட்டும் அதிகம் விழுந்தால் உப்பும் தழைச்சத்தும் கூடுதலாகக் காட்டும். சொட்டுநீர்ப் பாத்தியில் இன்னொரு கவனம் தேவை. நீர் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில்தான் உப்பு போய்க் குவியும். எனவே ஓரிடத்தில் சொட்டுவாயின் அடியிலும் மற்றோர் இடத்தில் விளிம்பிலும் எடுக்காமல், எல்லா இடத்திலும் சொட்டுவாயிலிருந்து ஒரே தூரத்தில் எடுங்கள்.

எடுத்ததைச் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். உரம் கரைத்த வாளி வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் உரமே எண்ணை மாற்றிவிடும். கட்டிகளை உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறி போட்டு நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எறிந்துவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். சுமார் ஒரு கிலோ மிஞ்சும்வரை இதைச் செய்யலாம். தோட்டத்தின் பெயர், ஆழம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிப் பையில் கட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து போகும்.

அந்த ஒரு கிலோவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பலர் செய்யத் தவறுவது இதைத்தான். ஒரு பாதி உலர வேண்டும், மறுபாதி உலரவே கூடாது.

பிஎச், மின்கடத்துதிறன் இரண்டுக்கும் உரிய பாதியை நிழலில் காகிதத்தின் மேல் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். வெயிலும் அடுப்பும் வேண்டாம். மலைக் குளிரில் ஒரு வாரம்கூட ஆகலாம். உர மூட்டை அடுக்கிய கொட்டகையில் காயவைப்பது சரியில்லை. காய்ந்த மண்ணை மரக் கட்டையால் மெதுவாக உருட்டி உடைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். உடைப்பது மண் கட்டியைத்தான். கல்லை நொறுக்கிச் சேர்க்கக் கூடாது.

தழைச்சத்துக்கு உரிய பாதியை அப்படியே ஈரத்தோடு பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. வெதுவெதுப்பான பையில் இரண்டு மூன்று நாள் கிடந்தால், அவை எருவிலுள்ள தழைச்சத்தை உடைத்து நைட்ரேட்டாக மாற்றிவிடும், எண் கூடிவிடும். பைக்குள் சேறாக நின்றால் இருக்கும் நைட்ரேட்டும் வாயுவாகப் போய்விடும், எண் குறைந்துவிடும். காரின் பின்பெட்டியில் வார இறுதியைக் கழித்த மண் சொல்லும் தழைச்சத்துக் கணக்கை நம்புவதற்கில்லை. உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். அதுவும் ஓரிரு நாளுக்குத்தான்.

இனி சோதனைகளுக்கு வருவோம். முதல் இரண்டையும் கைக்கருவி இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். உலர்ந்த மண் 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலிட்டர். மூடி, ஒரு மணி நேரம் குலுக்கி, சற்றுத் தெளியவிட்டு மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் போத்தல் குடிநீரும் உதவாது. அவற்றிலேயே உப்பு உண்டு. தண்ணீரில் கரைந்த உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. உப்பு கூடக்கூட எண் கூடும். கருவியின் திரையில் அலகைக் கவனிக்கவும். mS/cm என்று இருக்கும் 0.6, µS/cm என்ற அலகில் 600 ஆகத் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

பிஎச்சுக்குத் தனியாக 10 கிராம் மண்ணில் 25 மில்லிலிட்டர் நீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி கலக்கி அளப்பது நம் நாட்டில் வழக்கம். ஒரே கரைசலில் இரண்டையும் அளக்க நேர்ந்தால் மின்கடத்துதிறனை முதலில் அளந்துவிடுங்கள். பிஎச் கோலுக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. அது சிறிது கசியும். முதலில் அதை முக்கினால், அதன் உப்பை உங்கள் மண்ணின் உப்பாக அடுத்த கருவி எண்ணிவிடும். அளக்குமுன் பிஎச் 7, பிஎச் 4 தரக் கரைசல்களில் கருவியைச் சரிசெய்வதும் அவசியம். மாதக்கணக்கில் சரிசெய்யாத கருவியைவிட, கருவி இல்லாமலிருப்பது மேல் என்பது என் கருத்து.

மூன்றாவது சோதனை ஆய்வுக்கூடத்துக்கே உரியது. ஈர மண் 10 கிராமில் அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு கரைசல் 100 மில்லிலிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டுவார்கள். மண் துகளில் ஒட்டியிருக்கும் அம்மோனியமும் நீரிலுள்ள நைட்ரேட்டும் அதில் வந்துவிடும். பிறகு நீராவியில் வடித்து, வரும் அம்மோனியாவைப் பிடித்து, அமிலத்தால் அளவிடுவார்கள். கூடவே இன்னொரு பிடி மண்ணை 105 டிகிரியில் காயவைத்து ஈரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். 10 கிராமில் 2 கிராம் தண்ணீர் என்றால் மண் 8 கிராம்தான். இதைக் கழிக்காவிட்டால் உண்மையில் 120 இருக்கும் எண் 96 என்று வரும்.

தமிழ்நாட்டுக் காணொளிகளில் எக்டருக்கு 280 கிலோவுக்குக் கீழே குறைவு, 560 கிலோவுக்கு மேல் அதிகம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பெர்மாங்கனேட் முறைக்கான அளவுகோல். அந்த முறை மட்கிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து எண்ணும். பொட்டாசியம் குளோரைடு முறையின் எண்ணை அதோடு ஒப்பிட்டால், வளமான மண்ணும் பஞ்சையாகத் தெரியும். சோதனைத் தாளில் எந்த முறை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் குடைமிளகாய்த் தோட்டத்துக்கு மூன்று எண்கள் வந்துவிட்டன என்று வையுங்கள். பிஎச் 5.2, மின்கடத்துதிறன் 0.6, நைட்ரேட்டும் அம்மோனியமும் சேர்ந்த தழைச்சத்து ஒரு கிலோ மண்ணில் 120 மில்லிகிராம்.

தழைச்சத்தை முதலில் பார்ப்போம். அரை ஏக்கரில் 15 செண்டிமீட்டர் ஆழ மண் சுமார் 4 லட்சம் கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்றால் மொத்தம் 48 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடுதான் தழைச்சத்து. ஆகவே 104 கிலோ யூரியா, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டுக்கும் சற்று அதிகம், ஏற்கெனவே மண்ணில் கிடக்கிறது. இலை வெளுத்தது தழைச்சத்து இல்லாததால் அல்ல.

அடுத்து உப்பு. 0.6 என்பது ஐந்து பங்கு நீரில் கரைத்து அளந்தது. வேர் இருப்பது அவ்வளவு நீர்த்த கரைசலில் இல்லை. களிப்பாங்கான மண்ணுக்குச் சுமார் 8 ஆல் பெருக்கினால் வேர் உணரும் அளவு தோராயமாகக் கிடைக்கும். அது 4.8. குடைமிளகாய் 1.5 வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் விளைச்சல் 14 விழுக்காடு குறையும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அப்படியானால் இங்கே பாதிக்கு நெருக்கமான விளைச்சல் உப்பில் போகிறது. இன்னொரு மூட்டை யூரியா இதைக் கூட்டவே செய்யும்.

பிஎச் 5.2 என்றதும் சுண்ணாம்புக்கு ஓட வேண்டாம். உப்பு மிகுந்த மண்ணில் பிஎச் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். உப்பு மண் துகளில் ஒட்டிய அமிலத்தைத் தள்ளி நீருக்குள் கொண்டுவருவதே காரணம். முதலில் உப்பைக் குறைத்துவிட்டு மறுபடி அளந்து, அப்போதும் 5.5க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்கலாம்.

உப்பைக் குறைக்க, ஒரு பருவம் கோழி எருவையும் உரத்தையும் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக்கைச் சுருட்டி மழையை உள்ளே விடுவது எளிய வழி. ஆனால் கழுவப்படும் நைட்ரேட் ஓடைகள் வழியே பெர்த்தாம் போன்ற ஆறுகளுக்குத்தான் போகும். கீழே குடியிருப்போரையும் நினைத்தால் முதலில் சோளம் விதைத்து, அது தழைச்சத்தை உறிஞ்சியபின் தட்டையோடு வெட்டி வெளியேற்றிவிட்டு, மீதியை மழைக்கு விடுவது நியாயம். தட்டையை அங்கேயே உழுதுவிட்டால் எடுத்தது திரும்ப வந்துவிடும்.

மூன்று எண்களில் தழைச்சத்து மட்டும் சீக்கிரம் பழசாகும். திறந்த தோட்டத்தில் ஒரு பெருமழைக்குப் பின் பழைய தாள் பயன்படாது. கூரைக்குள் சற்று நீடிக்கும். எனவே நடவுக்கு இரண்டு வாரம் முன்பு மண்ணை எடுத்து வட்டார விவசாயத் துறை அலுவலகத்தில் சோதனைக்கு விசாரியுங்கள். ஐஸ் பெட்டியோடு போகப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த மண்ணை அதே நாளில் கரைசலில் போட ஆள் இருக்க வேண்டுமல்லவா!