ஊதா டார்ச்சும் ரெடிமேட் கண்ணாடியும்

சின்னாளபட்டியில் இருக்கும் என் சித்திக்கு வயது 51. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் 150 ரூபாய்க்கு ரெடிமேட் ரீடிங் கிளாஸ் வாங்கி வந்தார். நூல் சட்டென்று கோத்துவிட்டது. ஆனால், பத்தே நாளில் கழுத்துவலி. "மிஷினுக்குள்ள தலைய விட்டுத் தைக்க வேண்டியிருக்கும்மா" என்றார்.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் +2.50 என்று இருந்தது. வில்லங்கமே அங்கேதான்.

நாற்பதைத் தாண்டியதும் வருகிற வெள்ளெழுத்துக்கு, வயதைக் கேட்டுப் பவர் கொடுத்துவிடுகிறார்கள். வயதோடு சேர்த்து, நாம் வேலை செய்யும் தூரத்தையும் கேட்க வேண்டும். கணக்கு ரொம்பச் சுலபம். 100-ஐ பவரால் வகுத்தால், அந்தக் கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரியும் கடைசி தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். (தூரப்பார்வை நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.) 2.50 என்றால் 40 செ.மீ. அதற்கு அப்பால் எல்லாமே மங்கல்.

சித்தியை மிஷின் முன்னால் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, அவருடைய இஞ்ச் டேப்பாலேயே கண்ணிலிருந்து ஊசி வரை அளந்தோம். 50 செ.மீ. இருந்தது. பத்து சென்டிமீட்டரைக் கண்ணாடி தராததால், கழுத்து கொடுத்திருக்கிறது! 1.75 பவர் என்றால் 57 செ.மீ. வரை தெளிவாகத் தெரியும். இந்த வயதில் கண்ணுக்குக் கொஞ்சம் குவிக்கும் சக்தி மிச்சமிருப்பதால் செல்போனையும் அதே கண்ணாடியில் படித்துவிடலாம். பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுபவர், கணக்கு எழுதுபவர் என யாராக இருந்தாலும் முதலில் தன் வேலையின் தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. அந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரிகிற பவர்களில் குறைந்ததையே எடுங்கள்.

மாற்றி வாங்க இன்னொரு கடைக்குப் போனோம். "போன் பார்ப்பீங்களாக்கா? அப்போ ப்ளூ கட் போட்டுக்கங்க, 500 ரூபாதான் கூட" என்ற கடைக்காரர், ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். சாதா லென்ஸ் வழியாக ஊதா வெளிச்சம் அட்டையில் விழுந்தது. ப்ளூ கட் லென்ஸை வைத்ததும் வெளிச்சம் காணாமல் போனது. சித்தி பர்ஸைத் திறந்துவிட்டார்.

அந்த டார்ச் பொய் சொல்லவில்லை. ஆனால், நம் கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. இத்தகைய டார்ச்சுகளின் வெளிச்சம் பொதுவாக 405 நானோமீட்டர், அதாவது நீலத்தின் ஓரத்தில் இருக்கும் ஊதா. செல்போன் திரையின் நீலம் 450 நானோமீட்டரை ஒட்டியது. நிறமில்லாமல் தெளிவாக இருக்கும் லென்ஸ் முதலாவதைத் தடுத்துவிட்டு, இரண்டாவதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நீங்களே சோதிக்கலாம். போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தால், நீலம் தாராளமாக வருகிறது என்று அர்த்தம். நிஜமாகவே நிறையத் தடுத்தால் திரை மஞ்சளாகத் தெரியும். லென்ஸ் மேல் மினுங்கும் நீலப் பளபளப்பு பூச்சின் பிரதிபலிப்பு மட்டும்தான்.

2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை, சாதா லென்ஸைவிட இவை குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. தூக்கம் மேம்படுமா என்பதற்கும் உறுதியான பதில் கிடைக்கவில்லை. இந்த லென்ஸ்கள் பெரும்பாலும் 10 முதல் 25 சதவிகித நீலத்தைத்தான் தடுக்கின்றன என்றும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் கண்ணுக்குள் போகும் நீலத்தோடு ஒப்பிட்டால் போன் வெளிச்சம் தூசு. போன் பார்க்கும்போது கண் எரிவதற்கு முக்கியக் காரணம், நாம் இமைக்க மறப்பதும் நெடுநேரம் கிட்டத்திலேயே பார்ப்பதும்தான். அதை எந்த லென்ஸும் மாற்றாது.

அந்த 500 ரூபாயை மிச்சப்படுத்தி, லென்ஸின் தரத்தைப் பார்த்தோம். கண்ணாடியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கடைக் கதவின் நேர்க்கோட்டை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தோம். கோடு சீராக நகர வேண்டும். நடுவில் நெளிந்தால் லென்ஸ் சரியில்லை. முதல் இரண்டு கண்ணாடிகளில் நெளிந்தது, மூன்றாவது தேறியது. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு பில்லைப் படிக்கச் சொன்னேன். இரு கண்ணிலும் ஒரே மாதிரி தெரிந்தது.

அப்படித் தெரியாவிட்டால் ரெடிமேட் ஆகாது. அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கும் இது சரிவராது. சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது பவரும் மாறும் என்பதால், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பார்ப்பதே சரி. கடைக்காரர் தரும் கண்ணாடி, கண் அழுத்தத்தையோ விழித்திரையையோ பார்த்துச் சொல்லாது. திண்டுக்கல்லிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை இருக்கிறது. சித்தியை அடுத்த வாரம் அங்கே கூட்டிப் போகிறேன்.

பழைய 2.50 வீணாகவில்லை. ஊசி டப்பாவுக்குள் கிடக்கிறது, ஹூக் வைத்துத் தைக்கும்போது மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.