உங்களைப் பற்றி நூறு வார்த்தை... ஆனால் மேடையில் வாசிக்கப்போவது வேறொருவர்!

‘மேடம், உங்க புரொஃபைல் ஒரு நூறு வார்த்தையில அனுப்பிடுங்க.’ கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்ட மறுநாளே வாட்ஸ்அப்பில் இந்த மெசேஜ் வந்துவிடும். பேச்சைத் தயாரிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர்கள்கூட, இதைப் பழைய பயோடேட்டாவிலிருந்து ஐந்து நிமிடத்தில் வெட்டி ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். விளைவு? அறிமுகம் முடிந்த பிறகும், ‘இவர் எதுக்கு இந்தத் தலைப்புல பேசறார்?’ என்ற கேள்வியோடு அரங்கம் உட்கார்ந்திருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் பொறியாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெம்பரேன் ஏன் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது என்பதுதான் அவர் பேசப்போகும் தலைப்பு. அவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

‘1988-ல் ஈரோடு மாவட்டத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முதல் வகுப்பில் முடித்தார். பொறியியல் பட்டம் பெற்றார். 12 ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்டவர். கடின உழைப்பாளி. கழிவுநீர்த் துறையின் முன்னணி நிபுணர்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், பிறந்த ஊரில் ஆரம்பித்து வேலைக்கு வந்துசேர்வதற்குள் பாதிப் பேர் மொபைலை எடுத்துவிடுவார்கள். ‘நிபுணர்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் தனக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது கேட்பவர்களுக்கும் தெரியும். அவர் நிஜமாகவே செய்த வேலையைச் சொன்னால் அந்தச் சொல்லே தேவைப்படாது:

‘திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரித்து, அதே தண்ணீரை மீண்டும் சாயமேற்றவே திருப்பி அனுப்பும் பொது நிலையம் ஒன்றின் இயக்கப் பிரிவுக்குத் தலைமை வகிக்கிறார். 2012 முதல் இந்தப் பணியில் இருக்கிறார். அடைத்துக்கொண்ட மெம்பரேன்களைத் தூக்கி எறியாமல், கழுவி மறுபடி ஓடவைக்கும் முறையைத் தன் நிலையத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்.’

ஐம்பது வார்த்தைகூட வரவில்லை. இப்போது செய்யும் வேலை முதல் வரிக்கு வந்துவிட்டது, படிப்பு கடைசிக்குப் போய்விட்டது. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. அழைப்பிதழில் இடம் போதவில்லை என்றால் அமைப்பாளர்கள் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். வெட்டினாலும் உயிர் போகாத விஷயம்தான் அங்கே இருக்க வேண்டும்.

‘12 ஆண்டுகள்’ என்பது ‘2012 முதல்’ என்று மாறியதையும் கவனியுங்கள். அனுபவத்தை எண்ணிக்கையில் எழுதினால் அடுத்த வருடமே அது தப்பாகிவிடும். வருடத்தைப் போட்டால் எப்போது படித்தாலும் சரியாக இருக்கும். இந்த உதாரணத்தில் அந்த வருடத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கழிவுநீரை வெளியே விட்ட திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அடுத்த வருடமே இந்த வேலைக்கு வந்தவர் என்றால், உள்ளூர்க்காரர்களுக்குப் பாதிக் கதை புரிந்துவிடும். டெல்லியில் பேசப்போகிறார் என்றால் மட்டும் அந்த உத்தரவைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

தன்னைப் பற்றித் தானே ‘வகிக்கிறார்’, ‘கொண்டுவந்தவர்’ என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். (நம்மவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே!) ஆனால் மேடையில் அதை வாசிக்கப்போவது தொகுப்பாளர். நீங்கள் ‘நான்’ என்று எழுதிக் கொடுத்தால், மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரே மாற்றிப் படிக்க வேண்டும். அப்போதுதான் தடுமாற்றம் வரும். அனுப்பும் முன் வீட்டில் யாரிடமாவது கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். இன்ஷியலையும் எப்படி உச்சரிக்க வேண்டுமோ அப்படியே எழுதுங்கள். ‘S’ என்று மட்டும் கொடுத்தால் ஒருவர் ‘எஸ்’ என்பார், இன்னொருவர் ‘சு’ என்பார்.

இதே குறிப்பை அப்படியே கம்பெனி இணையதளத்தின் ‘எங்கள் குழு’ பக்கத்தில் போட முடியாது. அங்கே வருபவர் பேச்சுக் கேட்க வரவில்லை, எந்தப் பிரச்னைக்கு யாருக்குப் போன் செய்வது என்று தேடி வருகிறார். ஆகவே ‘மெம்பரேன் அடைப்பு, கழிவுநீரிலிருந்து உப்பை மீட்பது தொடர்பான கேள்விகளுக்கு இவரை அழைக்கலாம்’ என்ற வரிக்கு முதுகலைப் பட்டத்தைவிட அங்கே மதிப்பு அதிகம். சின்ன கம்பெனி என்றால் ‘நான்’ என்றே எழுதலாம். ஆனால் ஆறு பேர் இருக்கும் பக்கத்தில் மூன்று பேர் ‘நான்’ என்றும் மூன்று பேர் ‘இவர்’ என்றும் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் பெயரைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் அவசியம். கழிவுநீர் மாதிரியான விஷயத்தில், தங்களுக்குப் பிரச்னை இருந்தது என்று வெளியே தெரிவதையே பலர் விரும்ப மாட்டார்கள். ‘ஓய்வு நேரத்தில் மாடித்தோட்டம் வளர்க்கிறார்’ என்பது போல சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வரி இருக்கலாம், பேச்சைத் தொடங்க உதவும். குழந்தைகளின் பெயர், படிக்கும் பள்ளி, குடியிருக்கும் தெரு இவையெல்லாம் அந்தப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.