மூன்றே கால் மணி நேரப் பேச்சு, நான்கு பக்கக் குறிப்பு

பாகம் பிரிக்கும் பேச்சை இப்போது பல வீடுகளில் செல்போனில் பதிவு செய்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்காக வீடியோ அழைப்பு போடும்போதே பதிவும் ஓடத் தொடங்கிவிடுகிறது. பேச்சு முடிந்ததும், "யாராவது இதைச் சுருக்கமா எழுதிக் கொடுங்கப்பா" என்று ஒரு குரல் எழும். எழுதப்பட்ட அந்தக் குறிப்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து வக்கீலுக்கும் பத்திர எழுத்தருக்கும் போகும். அதன்பிறகு மூன்று மணி நேரப் பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை. குறிப்பில் எது இருக்கிறதோ அதுதான் பேசப்பட்டது என்றாகிவிடும்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார். மூத்த மகன் ஊரில் பயிர் செய்கிறார். அடுத்தவர் மகள், திருச்சியில் இருக்கிறார். மூன்றாமவர் இறந்துபோய், அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதே வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். கடைசித் தம்பி சிங்கப்பூரில். சொத்து, ஒரு வீடு, ஆற்றுப் பக்கம் நாலு மா நஞ்சை, ரோட்டோரம் ரெண்டு மா. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்ற கணக்கில் மொத்தம் 2 ஏக்கர். எழுத உட்கார்ந்தவர் அம்மாவின் தம்பி மகன். பங்கில் அவருக்கு எதுவும் வராது, அவர் வீட்டுக்குப் பெண் கொடுத்து வாங்கியவர்களும் அந்தக் கூடத்தில் இல்லை. இந்த இரண்டும் இல்லாதவரைத் தேடுவது பாதி வேலை.

அவர் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை கிளை என்பதை. பேசியவர்களை எண்ணினால் எட்டுப் பேர் வருவார்கள், மருமகனும் பேசியிருப்பார், பெரியப்பா மகனும் பேசியிருப்பார். கிளை என்பது வேறு. அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு ஒரு பங்கு, உயிரோடு இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, இறந்த மகனின் மனைவி பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. ஆக ஐந்து. குறிப்பிலும் ஐந்து தலைப்புகள்தான் இருக்க வேண்டும். மருமகன் சொன்னதை எழுதினால், "மகளின் கிளை சார்பில் அவர் கணவர் சொன்னது, மகள் அப்போது கூடத்தில் இல்லை" என்று எழுத வேண்டும். பின்கட்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பதினைந்து வயது என்றால் அதையும் எழுத வேண்டும். ஏனென்றால் மைனர் பங்கைத் தாய் தன் விருப்பப்படி விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும்.

தலைப்பு வைக்கும் இடத்திலேயே சாய்வு தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூத்தவர் பேச்சு முழுக்க ரோட்டோர ரெண்டு மாவை "தாத்தா நிலம்" என்கிறார். மகளோ அதையே "அப்பா எனக்காக வாங்கினது" என்கிறார். எழுதுபவர் அறியாமல் "பூர்வீகச் சொத்து" என்று ஒரு தலைப்புப் போட்டுவிட்டால் மூத்தவர் பக்கம் போய்விட்டார் என்று பொருள். சட்டத்தில் அந்த இரண்டுக்கும் கணக்கே வேறு. பூர்வீகம் என்று தெரிந்தால் 1989-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-ம் ஆண்டு மத்தியத் திருத்தம், மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்ற 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் வந்து நிற்கும். குறிப்பில் "ரோட்டோரம் ரெண்டு மா" என்று மட்டும் எழுதி, யார் அதை என்னவாகச் சொன்னார் என்பதை அவரவர் தலைப்பின் கீழ் வைத்து, மூலப்பத்திரம் பார்க்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அளவையும் அவர்கள் சொன்னபடியே விட வேண்டும். மா என்று சொன்னவருக்கு மா, ஏக்கர் என்று சொன்னவருக்கு ஏக்கர், பக்கத்தில் சென்ட் கணக்கு.

இனி சிரமமான இடத்துக்கு வருவோம். பதிவின் இருபத்திரண்டாவது நிமிடத்தில் மகள் சொல்கிறார்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம், அண்ணன் பார்த்துச் செய்வார்." இரண்டு மணி பத்தாவது நிமிடத்தில் அவரே சொல்கிறார்: "ரோட்டோரம் ரெண்டு மாவை எனக்குத் தரேன்னு அப்பா சொன்னது உங்க எல்லாருக்கும் தெரியும்." அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம், அப்புறம் காபி டம்ளர்கள் வருகின்றன.

அவசரமாக எழுதுபவர் இதை இப்படி முடித்துவிடுவார்: "மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்தார். ரோட்டோர நிலம் பற்றி மறுப்பு எழவில்லை." இரண்டு வாக்கியமும் தவறு. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, "அண்ணன் பார்த்துச் செய்வார்" என்ற எதிர்பார்ப்போடு ஒன்று சொன்னார். கூடத்தில் உட்கார்ந்து வேண்டாம் என்று சொன்னதால் சட்டப்படி பங்கு போய்விடாது, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். இரண்டாவது வாக்கியம் இன்னும் மோசம். பேசாமல் இருந்ததை அது சம்மதமாகத் திருப்பிவிடுகிறது. முதல் வாக்கியம் அண்ணனுக்கு உதவும், இரண்டாவது தங்கைக்கு உதவும், ஆளுக்கு ஒன்று கிடைத்ததால் நடுநிலை ஆகிவிட்டது என்று எழுதியவர் நினைத்துக்கொள்வார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மகள் (0:22) தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றும் அண்ணன் பார்த்துச் செய்வார் என்றும் சொன்னார். எதை, எவ்வளவு என்று சொல்லவில்லை. பிறகு (2:10) ரோட்டோரம் ரெண்டு மாவைத் தனக்குத் தருவதாக அப்பா சொன்னதாகச் சொன்னார். அதைத் தரும்படி கேட்கிறாரா என்பது பதிவில் தெளிவாக இல்லை. இதற்கு வேறு கிளையினர் பதில் சொன்னது பதிவில் இல்லை."

படிக்கச் சுவையாக இருக்காது. ஆனால் ஐந்து பேரில் யார் படித்தாலும் சண்டைக்கு வர இடமில்லை. கவனித்தால், பேசியதைக் குறிக்க இதில் ஒரே வினைச்சொல்தான் வருகிறது, சொன்னார். ஒப்புக்கொண்டார், பிடிவாதமாக இருந்தார், பெருந்தன்மையோடு விட்டார், புலம்பினார் ஆகியவை எல்லாம் எழுதுபவரின் தீர்ப்புகள். காரணமும் அப்படித்தான். மூத்தவர் நாலு மாவும் தனக்கு வேண்டும் என்பதற்கு "பயிர் பண்றது நான்தானே" என்று காரணம் சொன்னால் அது குறிப்பில் வரலாம். அவருக்குக் கடன் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் குறிப்பில் வரக்கூடாது.

விருப்பத்தோடு ஒட்டிய நிபந்தனையைப் பிய்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மூத்தவர் சொன்னது: நாலு மா எனக்கு, மற்றவர்களுக்கு ஈடாகப் பணம் தருகிறேன், அறுவடைக்கு அறுவடை கொஞ்சமாக. சுருக்கும்போது தவணை உதிர்ந்து "நிலம் எடுத்துக்கொண்டு பணம் தருவார்" என்றாகிவிடும். படிக்கும் தம்பி மொத்தமாக வரும் என்று நினைப்பார். அந்த ஒரு சொல் விடுபட்டதற்காகப் பின்னால் இரண்டு வருடம் பேசாமல் இருப்பார்கள்.

கோபத்தில் சொன்னதும் உண்டு. "அப்ப எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க, நான் வாசல்ல நிக்கிறேன்" என்று மூத்தவர் கத்தியது விருப்பம் அல்ல. அதை விருப்பப் பட்டியலில் சேர்ப்பது குறும்பு. அந்த இடத்தில் பேச்சு சூடானது என்றுகூட எழுத வேண்டியதில்லை என்பேன்.

மூன்றாமவரின் மனைவி மொத்தமே நாலு நிமிடம்தான் பேசினார். மூத்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல். பேசிய நேரத்துக்கு ஏற்ப இடம் கொடுத்தால் அந்த அண்ணிக்கு ஒன்றரை வரி கிடைக்கும். அவர் சொன்னதோ கனமானது: "நாங்க இருக்கிற பின்கட்டு எங்களுக்கு இருக்கட்டும்." குடியிருக்கக் கேட்கிறாரா, சொந்தமாகக் கேட்கிறாரா? எழுதுபவர் தானாக ஒன்றைத் தேர்ந்துவிடக் கூடாது. அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோளாக வைத்து, இரண்டு பொருளும் வரும் என்று குறித்து, பிறகு அவரிடமே தனியாகக் கேட்க வேண்டும். அம்மா, வீட்டைத் தான் இருக்கும்வரை விற்கக் கூடாது என்றும் நகை பற்றி இப்போது பேச வேண்டாம் என்றும் சொன்னார். நகை அம்மாவுடையது, அப்பா விட்டுப்போன சொத்துப் பட்டியலில் அது வரவே கூடாது.

சிங்கப்பூர்த் தம்பி முதலில் வீட்டை விற்றுப் பிரிக்கச் சொன்னார். இரண்டு மணி ஐம்பதாவது நிமிடத்தில், "அண்ணி இருக்க… வரைக்கும்… வேண்டாம்" என்று விட்டுவிட்டுக் கேட்கிறது. நிலைப்பாடு மாறியிருந்தால் முதலாவதும் பின்னதும் வரிசையாக வர வேண்டும், பழையதை அழித்துப் புதியதை மட்டும் எழுதக்கூடாது. இங்கே மாறியதா என்பதே தெரியாது. விடுபட்ட சொல்லை ஊகித்து நிரப்பாமல், கேட்டது இவ்வளவுதான் என்று எழுதி அவரிடம் உறுதி கேட்க வேண்டும்.

எழுதி முடித்ததும் முதலில் அந்தந்தக் கிளைக்கு அதன் பகுதியை மட்டும் அனுப்புவது நல்லது. திருத்தம் வந்தால் மேலே உள்ளதை மாற்றாமல், கீழே தேதி போட்டு "பின்னர் தெரிவித்தது" என்று சேர்க்க வேண்டும். ஐந்து பகுதியும் சரிபார்த்த பிறகுதான் முழுக் குறிப்பும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது கவனம் தேவை. "கீழ்க்கண்டபடி எங்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டால் அது குறிப்பு அல்ல, பாகப்பிரிவினை ஆவணம். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 17-ம் பிரிவுப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் பாகம் பிரிந்துவிட்டது என்று நிரூபிக்க முடியாது, முத்திரைத் தீர்வைச் சிக்கலும் வரும். ஆகவே தலைப்பின் கீழே, இது பேச்சின் குறிப்பு, இதனால் யாருக்கும் உரிமை ஏற்படவோ நீங்கவோ இல்லை என்று இருக்கட்டும். கையெழுத்துக்கு மேலே, "எங்கள் கிளை சொன்னது சரியாக எழுதப்பட்டிருக்கிறது" என்பது மட்டும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதிக்கு நான் இடம் விடுவேன்: பேசப்படாதவை. இந்தக் குடும்பத்தில் ஆற்றுப் பக்க நாலு மாவுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ரோட்டோர ரெண்டு மாவின் வரப்பை ஒட்டித்தான் ஓடுகிறது. பம்புசெட் மின் இணைப்பு அப்பா பெயரிலேயே இருக்கிறது. மூன்றே கால் மணி நேரத்தில் இவற்றை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. எழுதுபவர் இதைக் கிளப்புவதே தலையீடு என்று சிலர் சொல்வார்கள். "வாய்க்காலுக்கு வழி விட வேண்டும்" என்று எழுதினால்தான் தலையீடு. "வாய்க்கால், பம்புசெட் இணைப்பு: எந்தக் கிளையும் விருப்பம் சொல்லவில்லை" என்று எழுதுவது பதிவில் இருப்பதைச் சொல்வதுதான். அடுத்த முறை உட்காரும்போது மூத்தவரும் தங்கையும் முதலில் எடுக்கப்போவது இந்த வரியைத்தான்.