எங்கிருந்து எண்ணுகிறோம்? ‘அகோ’வா, ‘பிஃபோர்’ஆ?

ஆங்கிலத்தில் நன்றாக எழுதப் பழகியவர்கள்கூட ஓரிடத்தில் தடுமாறுவதுண்டு. ‘இரண்டு நாளைக்கு முன்னால் மனு கொடுத்தேன்’ என்பதை ‘ஐ அப்ளைட் பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதிவிடுவார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அதன் பொருள் உடனே விளங்கும். தமிழ் தெரியாத ஆங்கில வாசகருக்கோ வாக்கியம் பாதியில் நின்றதுபோல் இருக்கும்.

காரணம் நம்முடைய ‘முன்’. ‘இரண்டு நாளைக்கு முன்னால் வந்தார்’ என்கிறோம். ‘கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார்’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் ஒரே சொல்தான், ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் வேறு. முதல் வாக்கியத்தில் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். இரண்டாவதில் கல்யாண நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆங்கிலம் இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு சொற்களிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பேசும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’. கடந்த காலத்தில் வேறொரு புள்ளியை வைத்துக்கொண்டு, அங்கிருந்து இன்னும் பின்னே எண்ணினால் ‘பிஃபோர்’.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. எழுதிய வாக்கியத்தை அடுத்த வருடம் இதே நாளில் மறுபடி படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது உண்மையாக இருக்க வேண்டுமானால் அதிலுள்ள எண்ணை மாற்ற வேண்டுமா? மாற்ற வேண்டுமென்றால் அங்கே வரவேண்டியது ‘அகோ’. எண் அப்படியே நிற்குமென்றால் ‘பிஃபோர்’.

சந்திரயான்-3ஐ எடுத்துக்கொள்வோம். அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது 2023 ஜூலை 14. நிலவில் தரையிறங்கியது ஆகஸ்ட் 23. இடையில் 40 நாள். ‘தரையிறங்குவதற்கு 40 நாள் முன்னால் புறப்பட்டது’ என்று இன்று எழுதினாலும், நம் பேரப்பிள்ளைகள் எழுதினாலும் அந்த 40 மாறாது. எண்ணும் இரு முனைகளும் கடந்த காலத்திலேயே இருக்கின்றன. ஆகவே ‘ஃபார்ட்டி டேஸ் பிஃபோர் இட் லேண்டட்’. ‘சந்திரயான் இத்தனை வருடத்துக்கு முன்னால் தரையிறங்கியது’ என்ற வாக்கியம் அப்படியல்ல. 2025 ஆகஸ்டில் எழுதியவர் இரண்டு என்பார், 2026 ஆகஸ்டில் எழுதுபவர் மூன்று என்பார். ஒரு முனை நம் கையில் இருக்கிறது, நாம் நகர நகர அதுவும் நகர்கிறது. ஆகவே ‘டூ இயர்ஸ் அகோ’, பிறகு ‘த்ரீ இயர்ஸ் அகோ’.

தவறான சொல்லைப் போட்டால் நடை மட்டும் கெடுவதில்லை, தேதியே மாறிவிடும். ஒருவர் வங்கிக்குக் கடிதம் எழுதுகிறார். மே 12 அன்று வங்கியில் புது முகவரியைப் பதிவு செய்தார். ஜூன் 2 அன்று செக் புத்தகத்துக்கு விண்ணப்பித்தார். புத்தகம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. ஜூன் 16 அன்று புகார் எழுத உட்காருகிறார்.

விண்ணப்பித்து இரண்டு வாரம் ஆகிறது. இன்றிலிருந்து எண்ணுவதால் ‘ஐ அப்ளைட் ஃபார் எ செக் புக் டூ வீக்ஸ் அகோ’ என்று எழுதுகிறார். இது சரி. அடுத்து, விண்ணப்பிக்கும் முன்பே முகவரியை மாற்றிவிட்டதைச் சொல்ல வேண்டும். மே 12க்கும் ஜூன் 2க்கும் இடையே மூன்று வாரம். இங்கே ‘த்ரீ வீக்ஸ் அகோ’ என்று எழுதினால் வங்கி ஊழியர் ஜூன் 16லிருந்து மூன்று வாரம் பின்னே போய் மே 26இல் தேடுவார். அன்று எந்தப் பதிவும் இருக்காது. எழுத வேண்டியது, ‘ஐ ஹேட் சேஞ்ச்ட் மை அட்ரஸ் த்ரீ வீக்ஸ் பிஃபோர் தட்’. ‘அதற்கு மூன்று வாரம் முன்பே மாற்றியிருந்தேன்’ என்று பொருள். ‘தட்’ என்ற சொல் விண்ணப்பித்த நாளைச் சுட்டுகிறது. அது இல்லாமல் ‘த்ரீ வீக்ஸ் பிஃபோர்’ என்று நிறுத்தினாலும் இலக்கணப்படி சரியே; இதே இடத்தில் ‘த்ரீ வீக்ஸ் எர்லியர்’ என்பதும் பேச்சிலும் எழுத்திலும் மிகுதியாக வழங்குகிறது.

இந்த இரு வாக்கியங்களில் வினைச்சொல்லையும் கவனியுங்கள். ‘அகோ’வுடன் ‘அப்ளைட்’ என்ற சாதாரண இறந்தகாலம் வந்தது. ‘ஐ ஹேவ் அப்ளைட் டூ வீக்ஸ் அகோ’ என்று எழுதக் கூடாது. ‘ஹேவ்’ சேர்ந்த வினை இன்றுவரை தொடர்புள்ள காலத்தைப் பேசும். ‘அகோ’ முடிந்துபோன ஒரு கணத்தைச் சுட்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போவதில்லை. ‘பிஃபோர்’ உள்ள வாக்கியத்தில் ‘ஹேட் சேஞ்ச்ட்’ வந்தது. முன்பே நடந்ததற்கும் முன்னால் நடந்தது என்பதை அந்த ‘ஹேட்’ உறுதிப்படுத்துகிறது.

அடுத்தது, சொல் நிற்கும் இடம். ‘அகோ’ எப்போதும் கால அளவுக்குப் பின்னால்தான் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் ‘கடந்துபோன’ என்ற பொருள் தந்த சொல்லிலிருந்து வந்தது அது. ‘டூ டேஸ் அகோ’ என்றால் அடிப்படையில் ‘இரண்டு நாள் போயிற்று’ என்பதுதான். அளவைச் சொன்ன பிறகே ‘போயிற்று’ என்று சொல்ல முடியும். ‘பிஃபோர்’ அளவுக்கு முன்னால் வருவதில்லை, ஒரு புள்ளிக்கு முன்னால் வரும். ‘பிஃபோர் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்குள் என்று பொருள். ஐந்து மணி ஒரு புள்ளி. ‘பிஃபோர் மண்டே’, ‘பிஃபோர் தி எக்ஸாம்’ எல்லாம் சரி. ‘ஃபைவ் டேஸ்’ என்பது புள்ளியல்ல, நீளம். அதனால்தான் ‘பிஃபோர் ஃபைவ் டேஸ்’ என்று கேட்பவர், எதற்கு முன்னால் என்று தெரியாமல் நிற்கிறார்.

பிறர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். தோழி ஒருத்தி தை மாதத்தில் ஒருநாள், ‘ஐ ரிடர்ன்ட் டூ டேஸ் அகோ’ என்கிறாள். ஆடியில் அதை நீங்கள் வேறொருவரிடம் சொல்கிறீர்கள். அவளுடைய ‘இன்று’ இப்போது உங்களுடைய ‘அன்று’ ஆகிவிட்டது. எனவே ‘ஷி செட் ஷி ஹேட் ரிடர்ன்ட் டூ டேஸ் பிஃபோர்’. அவள் சொன்ன அதே நாளில் நீங்கள் எடுத்துச் சொன்னால் இருவருக்கும் இன்று ஒன்றே. அப்போது ‘அகோ’வை மாற்ற வேண்டியதில்லை.

சோதனைக்கே வேலையில்லாத ஓரிடமும் உண்டு. ‘நாம் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம்’ என்பதில் எத்தனை நாள் என்ற கணக்கே இல்லை. அங்கே ‘வி ஹேவ் மெட் பிஃபோர்’ என்று ‘பிஃபோர்’ தனியாக வரும். அளவு இல்லாமல் ‘அகோ’ வராது.

கடிதத்திலும் மனுவிலும் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ‘அகோ’ எழுதியவரின் நாளிலிருந்து எண்ணுகிறது. படிப்பவர் பத்து நாள் கழித்துப் படிக்கலாம். கடிதத்தின் தலையில் தேதி இல்லையென்றால் ‘டூ வீக்ஸ் அகோ’ எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. புகாரிலும் மனுவிலும் நடந்த தேதியையே எழுதுங்கள். கணக்கைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்குரிய சொல்லைப் போடுங்கள்.