திரும்பி வரும் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்

டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டு ஓடுகிறது. படம் தெரியாது, பாடியவர் தெரியாது, ஏறும்போதே பாட்டு பாதி ஓடியிருந்தது. இறங்குவதற்குள் செல்போனில் நாலு வரி தட்டி வைக்க முடியும் என்றால் எதைத் தட்டுவது?

பல்லவியைத்தான். தமிழ்த் திரைப்பாட்டுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. பல்லவியின் முதல் சொற்கள்தான் பெயர். பழைய பாட்டுப் புத்தகமானாலும் யூடியூப் ஆனாலும் பாட்டு அந்தப் பெயரில்தான் இருக்கும். நடுவில் கேட்க ஆரம்பித்தவருக்குப் பல்லவி எதுவென்று எப்படித் தெரியும்? காத்திருந்தால் தெரியும். பெரும்பாலான பாட்டுகளில் சரணம் முடிந்ததும் பல்லவி திரும்ப வரும். இரண்டாம் முறையும் அதே சொற்கள் காதில் விழுந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்தே கேட்டவரும் ஏமாற இடமுண்டு. சில பாட்டுகள் தாளம் இல்லாத தொகையறாவோடு தொடங்கும். அதையே முதல் வரி என்று எழுதிக்கொண்டு தேடினால் பாட்டு பல நேரம் சிக்காது. தாளம் சேர்ந்த பிறகு வரும் வரியையும் எழுதுங்கள்.

பல்லவி கிடைக்கவே இல்லை, சரணத்தில் ஓரிரு சொற்கள்தான் கேட்டன என்றால், அவற்றில் அபூர்வமான சொல் எதுவோ அதை எழுத வேண்டும். நிலா, நெஞ்சம், கண்ணே, உயிரே எல்லாம் ஆயிரம் பாட்டில் இருப்பவை, தேடும்போது கைகொடுக்காது. ஒரு ஊர்ப்பெயர், அதிகம் பாடப்படாத ஒரு பூ, ஒரு தொழிற்கருவி காதில் பட்டால் விடாதீர்கள்.

எழுதும்போது காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுங்கள். அர்த்தம் வரவில்லையே என்று திருத்த வேண்டாம். மெட்டுக்காகக் குறில் நீளும், நெடில் சுருங்கும். ‘மலை’ மாலையாகக் கேட்கும், ‘மனம்’ மானமாகக் கேட்கும். ல, ள, ழ வித்தியாசம் வாத்தியச் சத்தத்தில் எளிதாக மறைந்துவிடும். சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும்.

உதாரணத்துக்கு, நானே கோத்த சொற்கள் இவை: ‘தாழம்பூ … மாலை(?) ஓரம் … வருவாயா’. இதை முழுதாகத் தேடினால் ‘மாலை’ தவறாக இருக்கும்பட்சத்தில் ஒன்றும் வராது. சந்தேகச் சொல்லை விட்டுவிட்டு ‘தாழம்பூ’, ‘வருவாயா’ இரண்டோடு ‘பாடல் வரிகள்’ என்று சேர்த்துத் தேட வேண்டும். பிறகு ‘மலை’ போட்டுப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் தேடினால் தொல்லை இரட்டிப்பாகும்: தாழம்பூவை thazhampoo என்று ஒருவர் எழுதுவார், thaalamboo என்று இன்னொருவர் எழுதுவார். அதனால் குறிப்பைத் தமிழிலேயே வைத்திருங்கள். தமிழில் கிடைக்காதபோது இந்த எழுத்துக்கூட்டல்களை ஒவ்வொன்றாக முயலலாம்.

அடுத்தது மெட்டு. அடுத்த பாட்டு ஆரம்பித்தால் இந்த மெட்டு கலைந்துவிடும். அதற்கு முன்பே பல்லவியைச் சொல்லில்லாமல் முனகி, போனில் பதிவு செய்துவிடுங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. கூகுளில் 2020 முதல் முனகித் தேடும் வசதி இருக்கிறது. ஷசாம் செய்வது வேறு வேலை. அது மெட்டைப் பார்ப்பதில்லை; ஓடும் ஒலிப்பதிவு தன்னிடம் உள்ள பதிவோடு அச்சாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. அதனால் பஸ்ஸில் ஓடும் அசல் பாட்டை இரைச்சலுக்கு நடுவிலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். கோயில் திருவிழாக் கச்சேரியிலோ டிவி போட்டியிலோ வேறொருவர் பாடினால் கைவிரித்துவிடும். ஆகவே கேட்டது அசல் பதிவா, யாரோ மேடையில் பாடியதா என்பதையும் குறிப்பில் ஒரு சொல்லாகப் போட வேண்டும்.

இடமும் நேரமும் எழுதுங்கள்; கூடவே, முன்னாலும் பின்னாலும் ஓடிய பாட்டுகளில் தெரிந்தது ஏதாவது இருந்தால் அதையும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிரைவரின் பென் டிரைவில் பாட்டுகள் பெரும்பாலும் ஒரே படமாகவோ ஒரே இசையமைப்பாளராகவோ வரிசையாக இருக்கும். முன்னால் ஓடியது உங்களுக்குத் தெரிந்த படம் என்றால், அந்தப் படத்தின் மற்றப் பாட்டுகளை முதலில் கேட்டுப் பாருங்கள். வானொலியானால் நிலையத்தின் பெயரும் மணியும் வேண்டும். விவித பாரதி போன்ற நிலையங்களில் அறிவிப்பாளர் படம், பாடகர் பெயர் சொல்வது வழக்கம். பாட்டு முடிந்ததும் உடனே காதை எடுத்துவிடாதீர்கள்.

குரலைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம். ‘ஆண் குரல், பின்னால் பெண்கள் கோரஸ்’ என்பது கேட்டது. ‘யேசுதாஸ்’ என்பது ஊகம். அது ஜெயச்சந்திரனாகவும் இருக்கலாம். ஊகத்தைத் தனி வரியில் ‘போலிருக்கிறது’ என்று எழுதினால், பாடகர் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காதபோது அதை முதலில் கழற்றிவிடத் தெரியும்.

பாட்டு கிடைத்ததாகத் தோன்றினால் பல்லவியோடு நிறுத்தாமல் சரணம் வரை கேட்டு, நீங்கள் எழுதிய அந்த அபூர்வச் சொல் வருகிறதா என்று பாருங்கள். ஒரே சொற்களில் தொடங்கும் பாட்டுகள் உண்டு. 1970-இல் வந்த ‘சொர்க்கம்’ படப் பாட்டு ஒன்றை 2007-இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் மறுபடி பயன்படுத்தியதுபோல், ஒரே பல்லவிக்கு இரண்டு பதிவுகள் இருப்பதும் உண்டு. அப்போது பஸ்ஸில் கேட்டது எது என்பதைக் குறிப்பில் உள்ள வாத்தியச் சத்தம்தான் சொல்லும். ‘வயலின் கூட்டம்’ என்றோ ‘கம்ப்யூட்டர் டிரம்ஸ்’ என்றோ இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும்.